‘கடைசிப் படகு’ படத்தின் போஸ்டர், மூன்றாவது லேஅவுட்: மாற்ற வேண்டியவை

தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பியதை ஏ3 தாளில் பிரிண்ட் போட்டு, லெபோ பினாங்கில் நான் காலையில் பசியாறும் கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கல்லாவில் இருந்த அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “கடைசி டடகுன்னா என்னா?” என்று கேட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர் தப்பாகப் படிக்கவில்லை. பழைய படகின் பெயிண்ட் உரிந்தது போலத் தெரிய வேண்டும் என்று எழுத்து முழுக்கத் தேய்ந்த டெக்ஸ்சர் போட்டிருக்கிறாய். எண்ணம் நல்லது. ஆனால் ‘படகு’வில் முதல் எழுத்தின் வலது கால் நடுவோடு தேய்ந்து போச்சு. ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் அந்த வலது கால்தானே வித்தியாசம்? அது போனால் இரண்டும் ஒன்றுதான். தேய்மானத்தை எழுத்தின் வயிற்றுப் பக்கம் வை, காலில் கை வைக்காதே. அதே மாதிரி ‘ப்’ புள்ளிக்குப் பதிலாக நீ வைத்த படகு விளக்கு ஏ3-யில் அழகாக இருக்கிறது. கைப்பேசியில் சின்னதாக்கிப் பார், பின்னால் இருக்கும் மஞ்சள் வானத்தில் கரைந்துவிடுகிறது. விளக்கு இருக்கட்டும், சுற்றிக் கருமை கொடுத்துப் புள்ளி அளவுக்குத் தடிப்பாக்கு. தொங்கவிடும் நீளப் பதாகை இருக்கிறதே, அந்தப் பண்டிங் ஃபைலில் ‘கடைசி படகு’ என்று ஒற்றே இல்லாமல் போயிருக்கிறது, அதையும் சேர்.

இரண்டு வரிக்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி? ‘கடைசிப்’ என்ற வரியில் ‘சி’யின் மேல் வளைவும் புள்ளியும் மேலேதான் போகின்றன, கீழே எதுவும் இறங்கவில்லை. ‘படகு’வில் ‘கு’வின் வால் கீழே இறங்குகிறது, மேலே எதுவும் ஏறவில்லை. அதாவது இரண்டு வரியும் முட்டிக்கொள்ளாமல் ஒட்டி உட்காரும். இப்படித் தலைப்பு கிடைப்பது அபூர்வம். நெருக்கி வை, மிச்சமாகும் இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கு. பக்கவாட்டில் அமுக்கி ஒல்லியாக்கியதையும் விட்டுவிடு. ‘டை’யின் சுழி அடைத்துப்போய் ஒரு கறுப்புக் கட்டி மாதிரி தெரிகிறது.

ரோமன் எழுத்தில் `KADAISI PADAKU` என்று போட்டிருக்கிறாய். டிக்கெட் ஆப்பில் பதிவாகியிருப்பது `KADAISI PADAGU`. ஒருவர் போஸ்டரைப் பார்த்துத் தேடினால் படம் கிடைக்க வேண்டும், அதே எழுத்துக்கூட்டலையே வை.

இனி முகங்கள். எனக்குத் தூக்கம் போனது இதில்தான்.

ஒப்பந்தப்படி அப்பாவாக நடித்தவர் பெயர் இடது பக்கம், மகளாக நடித்தவர் பெயர் வலது பக்கம், அரை எழுத்து மேலே ஏற்றி. இரண்டும் ஒரே அளவு. இது நாம் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1974-இல் வந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வில் ஸ்டீவ் மெக்குவீனுக்கும் பால் நியூமனுக்கும் யார் முதல் என்ற சிக்கல் வந்தபோது செய்த ஏற்பாடு இதுதான்: மெக்குவீன் இடது பக்கம் கீழே, நியூமன் வலது பக்கம் சற்று மேலே. இடமிருந்து படிப்பவனுக்கு ஒருவர் முதல், மேலிருந்து படிப்பவனுக்கு இன்னொருவர் முதல். நம் வழக்கறிஞர் இதைச் சொல்லித்தான் இரண்டு பேரையும் கையெழுத்துப் போட வைத்தார்.

உன் லேஅவுட்டில் பெயர்கள் சரி, முகங்கள் எதிர்மாறு. அப்பா பெயருக்குக் கீழே மகள் நிற்கிறாள், மகள் பெயருக்குக் கீழே அப்பா. தெரியாதவர்கள் அவரை அந்தப் பெயரால் கூப்பிடப் போகிறார்கள். அதோடு அப்பா வலது ஓரத்தில் நின்று வலது பக்கமே பார்க்கிறார், போஸ்டரை விட்டு வெளியே போகிற மாதிரி. அவரை இடது பக்கம் கொண்டு வா. அதே பார்வை அப்போது நடுவில் இருக்கும் படகின் மேல் விழும். ஃபிலிப் பண்ணவே வேண்டாம், அப்படியே நகர்த்து.

மகளைத்தான் நீ ஃபிலிப் பண்ணியிருக்கிறாய், எனக்குத் தெரியும். படத்தில் மூக்குத்தி வலது மூக்கில், உன் லேஅவுட்டில் இடது மூக்கில். பழைய படத்தையே எடு. அதில் வெளிச்சம் நமக்கு இடது பக்கத்திலிருந்து அவள் மேல் விழுகிறது. அவள் வலது பக்கம் போய்விட்டால், நடுவில் நீ வைத்த சூரியன் அவளுக்கும் அப்பாவுக்கும் பொதுவாகிவிடும். பெயர், பார்வை, வெளிச்சம் மூன்றும் ஒரே நகர்த்தலில் தீருகிறது.

தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அளந்தேன். அப்பா 11.2 செ.மீ., மகள் 12.6. ஒப்பந்தம் சமம் என்கிறது, சமமாக்கு. அப்புறமும் ஸ்கேலை மட்டும் நம்பாதே. வெளிச்சமான முகம் எப்போதும் பெரிதாகத் தெரியும், அப்பா முகத்தில் பாதி நிழல். அந்த நிழலைக் கொஞ்சம் தூக்கு. மகளின் நிறத்தை வெளுக்க வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அந்தப் பிள்ளை கறுப்பு, படமும் அதைப் பற்றி எங்கேயும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தம்பியாக வரும் புதுப் பையனின் முகம் படகின் மேல்தளத்தில் கடுகளவு தெரிகிறது. வேண்டாம். பெயரை ‘அறிமுகம்’ என்று கீழே போட்டால் போதும். அவன் அம்மா போன் பண்ணுவார், நான் பேசிக்கொள்கிறேன்.

கிரெடிட் பகுதியில் ஆங்கிலப் போஸ்டர் மாதிரி ஒல்லி எழுத்து போட்டிருக்கிறாய். அவர்கள் ஒல்லியாக்குவதற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தம் பெரும்பாலும் உயரத்தைத்தான் கேட்கும், அகலத்தை இல்லை. அதனால் உயரமாக நிறுத்தி நெருக்கிவிடுவார்கள். தமிழில் அதே வேலையைச் செய்தால் ‘ண’, ‘ன’ சுழிகள் மூடிக்கொள்ளும். ஒளிப்பதிவாளர் பெயரில் இரண்டு ‘ண’ இருக்கிறது, பாவம். சாதாரண அகலத்தில் வை. நான்கு வரி ஐந்து வரியாகட்டும், தலைப்பை நெருக்கியதில் அந்த இடம் நமக்குக் கிடைத்துவிட்டது. முன்னணிப் பெயர்களின் உயரம் தலைப்பில் 30 விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. தலைப்பு உயரம் என்றால் ‘க’வின் உடம்பு, ‘சி’யின் மேல் வளைவு கணக்கில் வராது.

கடைசி வரியை ஓரத்திலிருந்து குறைந்தது 4 செ.மீ. உள்ளே ஏற்று. 27×40 அங்குலப் போஸ்டரை லைட்பாக்ஸில் மாட்டினால் சட்டம் ஓரத்தைத் தின்னும். என் முந்தைய படத்துக்கு ஒரு தியேட்டரில் இயக்குநர் பெயர் இடுப்பளவுதான் தெரிந்தது. அந்த இயக்குநர் நான்தான்.

பின்னணியில் இருப்பது புதுப் படகு. கதை நடப்பது 2020 டிசம்பர் 31, பழைய இரண்டடுக்குப் படகு காடிகளை ஏற்றிச் சென்ற கடைசி நாள். நீ வைத்திருப்பது 2023-இல் வந்தது. பினாங்குக்காரன் ஒருத்தன்கூட விடமாட்டான். ஷூட்டிங் படங்கள் டிரைவில் இருக்கின்றன.

பண்டிங் 2×6 அடி. அதில் முகங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதே, மேலே இருப்பவர்தான் பெரியவர் என்று சண்டை வரும். தோளோடு தோள் நெருக்கி வை, உயரத்தைப் படகும் தண்ணீரும் நிரப்பட்டும்.

விளம்பரப் படங்களும் தணிக்கை வாரியத்தின் அனுமதிக்குப் போக வேண்டும். போன பிறகு முகம் நகர்த்துகிற வேலை வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் அனுப்பிவிடு. சனிக்கிழமை காலையில் அதே சுவரில் ஒட்டுவேன், கல்லா அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல்.