ஒரு மசோதாவின் பயணம்: எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுபோகிறது

பத்தாம் வகுப்பு, குடிமையியல். மாணவர்களுக்கான பாடக்குறிப்பு

மசோதா சட்டமாவதைப் பாடநூல்கள் பெரும்பாலும் அம்புக்குறி போட்டுக் காட்டும்: அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, மறு அவை, குடியரசுத் தலைவர், சட்டம். தேர்வில் கேட்டால் அதையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், வாக்கெடுப்பில் தோற்ற மசோதாதான் செத்துப்போகிறது என்று எண்ணிக்கொள்வார்கள். இந்திய நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வாக்கெடுப்பில் தோற்பது அரிது. எடுத்துக்கொள்ளப்படாமல் கிடந்து, அவையின் ஆயுள் முடிந்து, காலாவதியாவதுதான் அவற்றின் வழக்கமான முடிவு. இந்தக் குறிப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த தேதியைக் குறிக்கும் அதிகாரம் இங்கே யாரிடம் இருக்கிறது?

எடுத்துக்காட்டாக ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: திருநர் உரிமைச் சட்டம். இது ஏறக்குறைய எல்லா மேடுபள்ளங்களிலும் விழுந்து எழுந்தது. தொடங்கிவைத்தவரும் நம் மாநிலத்து உறுப்பினர்தான்.

அறிமுகம்

அமைச்சர் கொண்டுவந்தால் அது அரசு மசோதா. அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினர் கொண்டுவந்தாலும் தனிநபர் மசோதா. அவர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும் அப்படித்தான். இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே நீண்ட தலைப்பு, பிறகு எண்ணிடப்பட்ட கூறுகள், கடைசியில் இந்தச் சட்டம் எதற்கு என்று சொல்லும் நோக்கக் காரண விளக்கம், அரசுக்குச் செலவு வரும் என்றால் நிதிக் குறிப்பு. மசோதாவைப் படிக்க நினைப்பவர்கள் நோக்கக் காரண விளக்கத்திலிருந்து தொடங்கினால் தலைவலி குறையும்.

முதல் வாசிப்பு என்பது அறிமுகம் செய்ய அவையின் அனுமதி கேட்பது மட்டுமே. வழக்கமாக இங்கே விவாதம் கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு. 1998 ஜூலையில், அப்போது சட்ட அமைச்சராக இருந்த மு. தம்பிதுரை மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்த முயன்றபோது, ஓர் உறுப்பினர் மசோதாத் தாள்களைப் பறித்துக் கிழித்தெறிந்தார்.

தனிநபர் மசோதாக்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நேரம்தான்: வெள்ளிக்கிழமை பிற்பகல், இரண்டரை மணி நேரம். அதையும் தீர்மானங்களோடு மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெள்ளி பிற்பகல் என்றால் பல உறுப்பினர்கள் தொகுதிக்குக் கிளம்பும் நேரம் என்று சொல்லவேண்டியதில்லை. அவை நடக்க மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினராவது இருக்க வேண்டும். மக்களவைக்கு அது 55 பேர். விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்.

இந்தப் பின்னணியில் திருச்சி சிவா செய்ததைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு மசோதா கொண்டுவரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். தனிநபர் மசோதாக்களின் வழக்கமான முடிவு அதுதான்: அமைச்சர் உறுதி கொடுப்பார், உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொள்வார். சிவா மறுத்துவிட்டார். 2015 ஏப்ரல் 24 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, குரல் வாக்கெடுப்பில் எதிர்ப்பின்றி அது மாநிலங்களவையில் நிறைவேறியது.

பிறகு? மக்களவையில் அது நிறைவேறவே இல்லை. யாரும் அதைத் தோற்கடிக்கவும் இல்லை.

குழு

அரசு தன் சொந்த மசோதாவை 2016 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகப்படுத்தியது. செப்டம்பரில் அது நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பாடநூலில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் பகுதி இது.

துறைசார் நிலைக்குழுக்கள் இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது; தன்னைத் தானே விசாரிப்பது சரிவராதல்லவா? எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள். இவை 1993இல் அமைக்கப்பட்டவை. இவை தவிர, குறிப்பிட்ட ஒரு மசோதாவுக்காக மட்டும் அமைக்கப்படும் தெரிவுக்குழுவும், இரு அவையினரும் இருக்கும் கூட்டுக்குழுவும் உண்டு. வேலை முடிந்ததும் அந்தக் குழுக்கள் கலைந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் கேமரா கிடையாது. அவையில் பேசினால் மாலைச் செய்தியில் வரவேண்டும் என்று பேசும் அதே உறுப்பினர், இங்கே துறைச் செயலரிடம் கூறு கூறாகக் கேள்வி கேட்பார். பொதுமக்களும் அமைப்புகளும் கருத்து அனுப்பலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். சட்டம் யாரைத் தொடப்போகிறதோ அவர்களே நேரில் வந்து சாட்சியம் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. உடன்படாத உறுப்பினர் தம் மாற்றுக் கருத்தை எழுதி அறிக்கையோடு இணைக்கலாம். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

கட்டுப்படுத்தாது என்றால் பயன் என்ன என்று கேட்கலாம். 2016 மசோதா திருநரை வரையறுக்கும்போது, முழுமையாகப் பெண்ணும் அல்லாத, முழுமையாக ஆணும் அல்லாத நபர் என்ற பொருளில் எழுதியிருந்தது. ஒருவர் யார் என்பதைச் சொல்லாமல் யார் இல்லை என்று சொல்லும் வரையறை. திருநர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2017 ஜூலையில் வந்த குழு அறிக்கையும் அந்த வரையறையைக் குறை கூறியது. 2018 டிசம்பரில் மசோதா மக்களவையில் நிறைவேறியபோது வரையறை மாறியிருந்தது. குழுவின் எல்லாப் பரிந்துரைகளும் ஏற்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரு வரி மாறியது.

மசோதாவைக் கிடப்பில் போடும் இடம் குழுதான் என்று ஒரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மை: காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டே போகலாம். தரவுப் பாதுகாப்பு மசோதா 2019 டிசம்பரில் கூட்டுக்குழுவுக்குப் போய் 2021 டிசம்பரில்தான் அறிக்கையோடு திரும்பியது. 2022 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்று, 2023இல் வேறொன்றைக் கொண்டுவந்தது. ஆனால் என் கருத்தில், அண்மைக்காலத்தில் நாம் கவலைப்படவேண்டியது குழுவில் தங்கும் மசோதாக்களைப் பற்றி அல்ல, குழுவையே பார்க்காத மசோதாக்களைப் பற்றி. 15ஆவது மக்களவைக் காலத்தில் (2009–14) ஏறக்குறைய பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் (2019–24) பத்தில் இரண்டுகூட இல்லை. குழுவுக்கு அனுப்புவது கட்டாயம் என்று விதி எதுவும் இல்லை. 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் மசோதாக்கள் குழுவுக்குப் போகாமல் விரைவாக நிறைவேறின. 2021 நவம்பரில் அவற்றை நீக்க இன்னொரு மசோதா வந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள், எது தாமதம்?

மற்ற வாசிப்புகள்

குழுவிலிருந்து திரும்பியதும் இரண்டாம் வாசிப்பின் முக்கியப் பகுதி: கூறுவாரியாக வாக்கெடுப்பு, திருத்தங்கள். மூன்றாம் வாசிப்பில் மொத்த மசோதாவும் ஏற்கப்படுகிறதா என்ற ஒரே கேள்வி. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம் என்று 1985இல் சேர்க்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை சொல்கிறது. அதனால் அரசு மசோதாவின் முடிவு பெரும்பாலும் விவாதத்துக்கு முன்பே தெரிந்ததுதான்.

மறு அவை

இதே வாசிப்புகள் மறு அவையிலும் நடக்கும். பண மசோதாவுக்கு மட்டும் வேறு வழி: மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அதன் பரிந்துரைகளை மக்களவை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் குடியரசுத் தலைவர் கூட்டுக்கூட்டம் கூட்டலாம். இதுவரை மூன்று மசோதாக்களுக்குத்தான் அது நடந்திருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடுப்பு, 1978இல் வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா.

இப்போது தேர்வில் அடிக்கடி குழப்பும் விதி. மக்களவை கலைந்தால், அதன் முன் நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் எல்லாம் காலாவதி. மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருப்பவையும் காலாவதி. மாநிலங்களவையில் தொடங்கி இன்னும் அங்கேயே இருப்பவை தப்பிக்கும், ஏனென்றால் மாநிலங்களவை கலைவதே இல்லை.

நம் எடுத்துக்காட்டுக்கு அந்த விதியைப் போட்டுப் பாருங்கள். 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2019இல் 16ஆவது மக்களவை கலைந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றிய சிவாவின் மசோதாவும், மக்களவை நிறைவேற்றிய அரசு மசோதாவும் சேர்ந்தே காலாவதியாயின. இரு அவைகளும் ஆளுக்கொன்றை ஏற்றிருந்தன. இரு அவைகளும் ஏற்றது எதுவும் இல்லை.

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவும் இதே விதியில்தான் திரும்பத் திரும்ப மாட்டியது. 1996, 1998, 1999 மசோதாக்கள் மக்களவையோடு போயின. பட்ட பாட்டில் 2008இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார்கள். 2010இல் அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்தது, 2014இல் அங்கே காலாவதியானது. 2023இல்தான் நிறைவேறியது.

ஒப்புதல்

திருநர் மசோதா 2019 ஜூலையில் புதிதாக அறிமுகமாகி, ஆகஸ்டில் மக்களவையிலும் நவம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை மாநிலங்களவையில் தோற்றது. 2020 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, செப்டம்பரில் விதிகள் வந்தன. ஒப்புதல் கிடைத்த நாளிலேயே எல்லாச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். அரசிதழில் அறிவிக்கும் தேதியே பல சட்டங்களுக்குத் தொடக்கம்.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதா அல்லாததை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை மறுக்க இயலாது. ஆனால் எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் திருத்த மசோதாவில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அது சட்டமாகவே இல்லை.

மாநிலச் சட்டமன்றத்தில் ஆளுநர். தமிழக ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் பற்றிய வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்து வேறு: நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ, ஒப்புதல் பெற்றதாகக் கருதவோ முடியாது, காரணமில்லாத நீண்ட தாமதத்தை மட்டும் நீதிமன்றம் வரம்புக்குட்பட்டு விசாரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு

நம் வகுப்பே நிலைக்குழுவாகும். மசோதா: "பள்ளி விளையாட்டுப் பாடவேளைப் பாதுகாப்பு மசோதா". கூறு 3: "விளையாட்டுப் பாடவேளையை வேறு எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ளக் கூடாது." சாட்சியம் சொல்ல உடற்கல்வி ஆசிரியரும் கணித ஆசிரியரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் என்ன செய்வது என்று கணித ஆசிரியர் நிச்சயம் கேட்பார், பதிலோடு வாருங்கள். முதல் இரண்டு வரிசை குழு உறுப்பினர்கள், மூன்றாவது வரிசை துறை அதிகாரிகள், மற்றவர்கள் கருத்து எழுதி அனுப்பும் பொதுமக்கள். அறிக்கை ஒரு பக்கத்துக்குள். உடன்படாதவர்கள் தனித்தாளில் எழுதி, பெயரிட்டு, பின்னால் இணைக்கவும்.