பேசாமல் வைத்த போனுக்கு ஒரு பதில்

செந்தூல், கோலாலம்பூர்
12 மார்ச் 2025

அன்புள்ள சரோஜா அம்மாவுக்கு,

வணக்கம். ஜாலான் ஈப்போ கிளினிக் கவுண்டரில் இருக்கும் கலைச்செல்வி எழுதுகிறேன். மருந்துப் பொட்டலத்தின் மேல் 'காலை, சாப்பிட்ட பிறகு' என்று தமிழில் எழுதித் தருவேனே, அந்தக் கலைதான்.

திங்கட்கிழமை இரவு கிளினிக் மூடிய பிறகு உங்கள் வீட்டு நம்பரிலிருந்து ஒரு போன் வந்திருக்கிறது. மறுநாள் காலை கதவைத் திறந்ததும் மெசேஜைப் போட்டுக் கேட்டேன். பேச்சு எதுவும் இல்லை. விசிறி ஓடுகிற மாதிரி லேசான இரைச்சல் மட்டும். அப்புறம் போனை வைத்துவிட்டீர்கள். நான் திருப்பி அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் வீட்டில் வேறு யாராவது எடுத்து, கிளினிக்கிலிருந்து எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களைக் கேட்பார்கள். அது உங்களுக்குத் தோதுப்படுமோ படாதோ என்று யோசித்துத்தான் கடிதமாக எழுதுகிறேன். கவரின் மேல் கிளினிக் பெயர் போடவில்லை. உங்கள் வைத்தியத்தைப் பற்றியும் இதில் ஒரு வார்த்தை கிடையாது.

பேத்தி விளையாட்டாக நம்பரை அமுக்கிவிட்டாள் என்றால் சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஏதோ சொல்ல நினைத்து, சொல்ல வராமல் வைத்திருந்தால், தயவுசெய்து இன்னொரு தரம் அடித்துப் பாருங்கள்.

இப்படிப் பேசாமல் வைப்பது நீங்கள் ஒருத்தர் மட்டுமில்லை அம்மா. எங்கள் மிஷின் பேசுகிற பேச்சைக் கேட்டால் யாருக்கும் வாய் அடைத்துப்போகும். முதலில் மலாய், அதற்குப் பிறகு இங்கிலீஷ், பெயர் சொல்லு, ஐசி நம்பர் சொல்லு, என்ன விஷயம் சொல்லு என்று இமிகிரேஷன் கவுண்டரில் நிற்க வைத்துக் கேட்பது மாதிரி கேட்கும். பீப் சத்தம் வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். போன வருடமே டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம்தான் ஒருவழியாகச் சரி என்றார். இனிமேல் நீங்கள் அடித்தால் முதலில் என் குரல்தான் தமிழில் கேட்கும். சுருக்கமாக வைத்திருக்கிறேன்.

பீப் வந்ததும் "சரோஜா பேசுறேன், செந்தூல் பிளாட்" என்று சொன்னால் போதும். ஐசி நம்பர் வேண்டாம், உங்கள் கார்டு என்னிடம் இருக்கிறது. என்ன கஷ்டம் என்று மிஷினிடம் சொல்லவே வேண்டாம். அதை நான்தான் கேட்கிறேன் என்றாலும், என் பக்கத்தில் சித்தி என்று இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருப்பாள், அவள் காதிலும் விழும். எத்தனை மணிக்கு நான் அடித்தால் நீங்கள் தனியாகப் பேச முடியும் என்று மட்டும் சொல்லுங்கள். பகல் இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கே அடிப்பேன். வேறு யாராவது எடுத்தால் "கலை பேசுறேன், அம்மா இருக்காங்களா" என்று கேட்பேன். கிளினிக் என்று வாயைத் திறக்கமாட்டேன்.

பெயர் சொல்லவும் வரவில்லையா? தொண்டை கட்டியிருக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்கலாம். அப்போது பீப் வந்த பிறகு ரிசீவரை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு வையுங்கள். நம்பர் உங்களுடையதாக இருந்து தட்டும் சத்தமும் கேட்டால், வேண்டுமென்றுதான் அடித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கே உங்கள் பெயரில் ஒரு நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, பகல் இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். டாக்டரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்.

இன்னொன்று. டாக்டரிடம் சொல்லக் கூச்சமான விஷயம் என்றால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் காலையில் லேடி டாக்டர் இருக்கிறார். தமிழ் பேசுவார், அவசரப்படுத்த மாட்டார். மருந்து கொடுக்கும் பையனிடம்கூடக் காரணம் சொல்லத் தேவையில்லை. 'லேடி டாக்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் எழுதிக்கொள்வேன்.

காசு யோசனையா? போன மாசத்துப் பாக்கி நினைவுக்கு வந்து போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு, இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கார்டில் பாக்கி எதுவும் இல்லை. இருந்தாலும் அதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டிய நிலை என்றால் டாக்டரே அரசாங்க கிளினிக்குக் கடிதம் எழுதித் தருவார். அங்கே நம் நாட்டுக்காரர்களுக்கு 1 வெள்ளிதான். காலையில் சீக்கிரம் போய் நம்பர் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நெஞ்சு அடைப்பது, மூச்சு வாங்குவது, வாய் ஒரு பக்கம் கோணிப்போவது, ஒரு கை திடீரென்று தூக்க வராமல் போவது, பேச்சு குழறுவது, இந்த மாதிரி எது வந்தாலும் எங்கள் மிஷினுக்கு அடிக்காதீர்கள். அதை நான் காலையில்தான் கேட்பேன். உடனே 999. பேச முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அவர்கள் அடிக்கட்டும். ஜாலான் பகாங்கில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி உங்கள் பிளாட்டிலிருந்து தூரமில்லை. விடியட்டும் என்று மட்டும் படுத்துவிடாதீர்கள்.

நாங்கள் அனுப்பும் எல்லாக் கடிதத்திலும் இரண்டு நம்பர் எழுதுவது வழக்கம், உங்களுக்கும் எழுதுகிறேன். மனசு பாரமாக இருந்து யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, ராத்திரி பகல் எப்போதும் ஆள் இருக்கும். வீட்டில் யாராலாவது தொந்தரவு என்றால் தாலியான் காசே 15999, அதுவும் 24 மணி நேரம். தேவையில்லாவிட்டால் விடுங்கள், தெரிந்தவர் யாருக்காவது உதவும்.

இது நோன்பு மாசம் என்பதால் மாலையில் கொஞ்சம் மாற்றம். சித்தி நோன்பு திறக்க ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாள், அதன் பிறகு கவுண்டரில் நான் ஒருத்திதான். யாருக்கும் கேட்காமல் பேச அது நல்ல நேரம். எட்டரை மணிவரை இருப்பேன். கிளினிக் நம்பர் உங்கள் அப்பாயிண்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு 31 மார்ச், 1 ஏப்ரல் இரண்டு நாளும் மூடியிருக்கும், அதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.

போன் தொல்லையே வேண்டாம் என்றால் நேரில் வாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் குறையும். வந்ததும் வரிசையில் நிற்காமல் நேரே என் பக்கம் வந்து உட்காருங்கள், என்ன ஏது என்று அங்கேயே கேட்க மாட்டேன், உள்ளே அழைத்துப் போகிறேன். அட்டை தொலைந்துவிட்டால் தேடி அலைய வேண்டாம், ஐசி போதும். இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கலைச்செல்வி
கவுண்டர்

பி.கு.: மழை பெய்தால் கீழே சாலையோரத்தில் தண்ணீர் நிற்கிறது. கிராப்பில் வந்தால் பின்பக்கச் சந்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள், அங்கே படி ஏற வேண்டியதில்லை.