கடல் கடந்த கொங்குச் சமையலறைகளுக்கு ஈரோட்டு மளிகைக் கடையின் தைப்பொங்கல் மடல்

அன்புடைய சொந்தங்களுக்கு வணக்கம்.

இந்த மடல் தமிழ்ச் சங்க விழாவில் அச்சுத் தாளாக உங்கள் கைக்கு வந்திருக்கலாம். எங்கள் இணையப் பக்கத்தில் படித்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டிலும் செய்தி ஒன்றுதான். ஈரோடு மணிக்கூண்டுப் பகுதியில் எங்கள் தந்தையார் 1974-ல் தொடங்கிய மளிகைக் கடையிலிருந்து, வெளிநாட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு எட்டு ஆண்டுகளாகச் சாமான் அனுப்பி வருகிறோம். வரும் தைப்பொங்கலுக்கு என்ன அனுப்ப முடியும், எதை அனுப்ப முடியாது, எதை எங்களிடம் வாங்கவே வேண்டாம் என்பதை விளக்கமாகச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். துவரம் பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, புளி, வெந்தயம், கடுகு ஆகியவை இன்று லண்டனிலும் டொராண்டோவிலும் டல்லாஸிலும் உள்ள இந்தியக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை விமானத்தில் ஏற்றி அனுப்பினால் சரக்கின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். ஐந்து கிலோ துவரம் பருப்பு கேட்டு எழுதுகிறவர்களுக்கு, அதைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் எழுதுகிறோம். அங்கே கிடைக்காத சாமானும், பெயரளவில் கிடைத்தும் ஊர் வாசம் வராத சாமானும்தான் எங்கள் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை.

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தங்கை சென்ற ஆண்டு அழைத்து, "ஏனுங்ணா, அம்மா சொன்ன அதே அளவுலதானுங்க அரிசிம்பருப்பு ஆக்கறேன், வாசமே வரமாட்டேங்குதுங்க" என்று வருத்தப்பட்டார். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, தக்காளி என எல்லாம் சரியாகவே இருந்தன. என்ன எண்ணெயில் தாளிக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் ஊற்றியது சுத்திகரித்த எண்ணெய். சுத்திகரிக்கும் ஆலையில் எண்ணெயின் இயல்பான மணத்தை நீராவி பாய்ச்சி நீக்கிவிடுகிறார்கள். மஞ்சளும் நிறத்துக்கு மட்டுமே உதவும் பழைய தூளாக இருந்தது. இந்த இரண்டை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லி, கால் கிலோ மஞ்சள் தூளும் ஒரு லிட்டர் செக்குக் கடலை எண்ணெயும் அனுப்பினோம். பெட்டி போய்ச் சேர்ந்த வாரமே அவர் மீண்டும் அழைத்தார். குக்கரைத் திறந்ததும் மகன் அடுப்படிக்கே வந்து நின்றுகொண்டான் என்றார். நாங்கள் விற்பது என்ன என்று எவரேனும் கேட்டால் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்கிறோம்.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் அச்சிட்ட பொட்டலம் எல்லாவற்றிலும் ஒரே தரம் இருப்பதில்லை. ஏலத்துக்கு வரும் மஞ்சளில் விரலி, கிழங்கு என்று இரண்டு வகை உண்டு. நாங்கள் விரலி மட்டுமே எடுக்கிறோம். மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்தால் காய்ந்த சுள்ளி முறிவது போல 'டக்' என்று சத்தம் வர வேண்டும். ஒடிந்த இடம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். வளைந்து மெல்ல முறிந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட மஞ்சள் பொட்டலத்துக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். வாங்கிய விரலியை முழுதாகவே வைத்திருந்து, உங்கள் பெட்டி கட்டும் வாரத்தில்தான் அரைக்கிறோம். அரைத்த தேதியைப் பொட்டலத்தின் மேல் கையால் எழுதுகிறோம். பழைய சரக்கில் புதிய தேதியை ஒட்டும் பழக்கம் எங்கள் கடையில் இல்லை. புதுமஞ்சள் வரத்து தைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும் என்பதால், பொங்கல் பெட்டியில் வருவது சென்ற பருவத்து விரலிதான் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். பங்குனியில் பெட்டி கேட்பவர்களுக்குப் புதுமஞ்சள் கிடைக்கும்.

நாட்டுச் சர்க்கரையைக் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்காரர்களிடம் வாங்குகிறோம். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகும் வட்டாரம் அது. கரும்புப் பாலைக் கொப்பரையில் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும், கைவிடாமல் கிளறித் தேய்த்துத் தூளாக்குவார்கள். பளபளவென்று வெளிறிய மஞ்சளில் இருக்கும் சர்க்கரையைப் பலர் நல்லதென்று நினைக்கிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததால் வருவது. நாங்கள் அனுப்புவது அடர்ந்த பழுப்பாக, கையில் எடுத்தால் சற்றே ஒட்டும்படி இருக்கும். வழியில் ஈரம் பட்டுக் கட்டி தட்டினாலும் அது கெட்டுப்போனதாகாது. கரண்டிக் காம்பால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஒப்புட்டுக்கும் கச்சாயத்துக்கும் சந்தகைக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ப் பாலுக்கும் இதன் மணம் வேறு எதிலும் வராது.

எண்ணெயில் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கான கொப்பரை காங்கேயத்திலிருந்து வருகிறது. கனடாவிலிருந்து குளிர்காலத்தில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி வரும்: எண்ணெய் வெண்ணெய் போல உறைந்துவிட்டது, கொழுப்பு ஏதும் கலந்திருக்கிறதா என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. கடலை எண்ணெயும் கடுங்குளிரில் கலங்கித் தடிக்கும். டின்னை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் தெளிந்துவிடும், கவலை வேண்டாம்.

இவற்றோடு சுத்தம் செய்த கொள்ளு, கொள்ளுப் பொடி, எள்ளுப் பொடி, கம்பு மாவு, ராகி மாவு, பிள்ளை பெற்றவர்களுக்கான செலவு ரசப் பொடி ஆகியவையும் உண்டு. செலவுப் பொடியில் என்னென்ன சேர்கிறது என்பது முழுவதும் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாமார்கள் மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

இனி, அனுப்ப முடியாதவை. தொடங்கிய ஆண்டில் நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொன்னால் இதன் காரணம் விளங்கும். மெல்போர்னில் உள்ள ஒரு குடும்பத்துக்கு முழுக் கொள்ளு ஒரு கிலோ வைத்து அனுப்பினோம். முளைக்கக்கூடிய விதைகளுக்கு ஆஸ்திரேலியாவில் எவ்வளவு கட்டுப்பாடு என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. தனிமைப்படுத்தல் சோதனையில் அது நிறுத்தப்பட்டு அழிக்கப்பட்டது. பேரன் முதல் பிறந்தநாளுக்குப் பாட்டி கேட்டு வாங்கிய பெட்டி அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வறுத்து அரைத்த கொள்ளுப் பொடி மட்டுமே போகிறது.

கசகசா சேர்ந்த குருமாப் பொடியை ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்ப மாட்டோம். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஊருக்கு வந்து திரும்பும்போது தெரியாமல் பெட்டியில் வைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறோம். அந்த நாடுகளுக்குக் கசகசாவுக்குப் பதில் பொட்டுக்கடலை சேர்த்துத் தனியாக அரைக்கிறோம். ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் வேண்டும் என்று பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பலர் கேட்கிறீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைத் தனிப் பொட்டலமாக அனுப்ப அங்கே அனுமதி இல்லை. மறைத்து வைத்து அனுப்பும்படி கேட்பவர்களுக்கும் எங்கள் பதில் இதுதான்: பெட்டியின் மேல் எழுதியிருப்பதற்கு மாறாக உள்ளே ஒரு பொட்டலம்கூட இருக்காது.

அமெரிக்காவில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 800 டாலருக்கு உட்பட்ட பெட்டிகளுக்கு முன்பு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இறக்குமதி வரியையும் கணக்கிட்டு, மொத்தத் தொகையைப் பணம் கட்டும் முன்பே உங்களுக்குத் தெரிவிக்கிறோம். வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் நீங்கள் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. உணவுப் பொருளுக்கான முன்னறிவிப்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு நாங்களே அனுப்பிவிடுகிறோம்.

பொங்கல் பெட்டி ஐந்து கிலோ எடையுள்ளது. அதில் மஞ்சள் தூள் அரைக் கிலோ, விரலி மஞ்சள் கால் கிலோ, நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், கொள்ளு அல்லது கொள்ளுப் பொடி அரைக் கிலோ, கம்பு மாவு அரைக் கிலோ, எள்ளுப் பொடியும் குருமாப் பொடியும் கால் கிலோ வீதம் இருக்கும். மீதி எடை டின்னுக்கும் அட்டைப் பெட்டிக்கும் உரியது. சரக்கின் விலை 1,950 ரூபாய். விமானக் கூலி நாட்டுக்கு நாடு மாறும். கூலியைக் கணக்கிடும்போது பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூலி வாங்குகிறார்கள். அதனால்தான் முறுக்கு, அப்பளம் போன்று இடத்தை அடைக்கும் பண்டங்களை இந்தப் பெட்டியில் சேர்க்கவில்லை. ஒரே ஊரில் இருக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே முகவரிக்கு வாங்கினால் கிலோவுக்கான கூலி கணிசமாகக் குறையும். ஒவ்வொரு குடும்பத்தின் சாமானையும் தனிப் பையில் கட்டிப் பெயர் எழுதியே அனுப்புகிறோம்.

கறிவேப்பிலை கேட்டு எழுதாதவர்களே இல்லை. பச்சை இலை அனுப்பத் தாவர நலச் சான்று வேண்டும். அதைப் பெற்று அனுப்புவதற்குள் இலை வாடிவிடும். காய்ந்த இலையில் மணம் இல்லை என்பதால் அதை நாங்கள் விற்பதில்லை.

தை முதல் நாளுக்கு முன் பெட்டி வந்து சேர வேண்டுமானால் டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் எழுதுங்கள். அச்சுத் தாளின் பின்பக்கத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் சாமான் பட்டியல் தமிழில் திறக்கும். அதில் குறிக்கச் சிரமப்படும் பெரியவர்கள், வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். பெட்டி புறப்படுமுன் ஒவ்வொரு பொட்டலத்தையும் திறந்த பெட்டியோடு படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம். எண்ணெய் கசிந்தோ பொட்டலம் கிழிந்தோ வந்தால், அதே நிலையில் ஒரு படம் அனுப்புங்கள். அந்தச் சாமானை அடுத்த பெட்டியில் விலையும் கூலியும் இல்லாமல் வைத்து அனுப்புகிறோம். உங்கள் வீட்டில் அம்மாயி அரைத்த பக்குவத்தில் பொடி வேண்டுமென்றால், அளவை எழுதி அனுப்புங்கள். ஒரு கிலோவுக்குக் குறையாமல் கேட்டால் உங்கள் அளவுப்படியே வறுத்து அரைத்துத் தருகிறோம்.