இரண்டு சில்லர் தெரிவுகள்: 15 ஆண்டு வாழ்நாட் செலவு ஒப்பீடு

பெறுநர்: பணிப்பாளர் சபை
அனுப்புநர்: பொறியியற் பிரிவு, யாழ்ப்பாணம்

எமது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கூடங்களும் விடுதிகளும் அமையவுள்ள புதிய தொகுதியின் குளிரூட்டலுக்கு நீரைக் குளிர்விக்கும், 200 தொன் குளிர்விப்புக் கொள்ளளவுள்ள சில்லரை வாங்குவதற்காகப் பெறப்பட்ட விலைமனுக்களில், தொழினுட்பத் தகுதி பெற்ற இரண்டை இவ்வறிக்கை ஒப்பிடுகிறது. தெரிவு அ, காற்றால் குளிரும் ஸ்குரூ சில்லர். பொருத்துவது உட்பட அதன் விலை 64 மில்லியன் ரூபா. தெரிவு ஆ, குளிர்கோபுரத்துடன் இயங்கும், நீரால் குளிரும் ஸ்குரூ சில்லர். கோபுரம், பம்பிகள், நீர் மென்மையாக்கி ஆகியவற்றையும் சேர்த்து 92 மில்லியன் ரூபா. எமது பரிந்துரை தெரிவு ஆ ஆகும். ஆனால் கிணற்று நீர் பற்றிய ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே அதைப் பரிந்துரைக்கிறோம், அந்த நிபந்தனை சம்பிரதாயத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று.

தொகுதி 24 மணிநேரமும் இயங்கினாலும் இரவிலும் மாரியிலும் சுமை குறையும் என்பதால், ஆண்டுக்கு 4,000 முழுச்சுமை மணித்தியாலங்கள், அதாவது 800,000 தொன்-மணி குளிர்விப்பு எனக் கொண்டோம். தெரிவு அ ஒரு தொன்னுக்குச் சராசரியாக 1.15 கிலோவாற்று இழுக்கும். தெரிவு ஆ-வில் சில்லருக்கு 0.62, கோபுர விசிறிக்கும் பம்பிகளுக்கும் 0.13, மொத்தம் 0.75. விற்பனையாளர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டுமே காட்டுவார்கள். துணைச் சாதனங்களின் நுகர்வைச் சேர்க்காமல் நீர்வகைச் சில்லரைப் புகழ்வது எளிது. இக்கணக்கின்படி ஆண்டு நுகர்வு முறையே 920,000 அலகு, 600,000 அலகு. எமது கடந்த பட்டியல்களில் உச்சக் கேள்விக் கட்டணத்தையும் சேர்த்து ஓர் அலகு சராசரியாக 34 ரூபாவாக அமைவதால், ஆண்டு மின்செலவு 31.28 மில்லியனும் 20.40 மில்லியனும் ஆகும்.

எதிர்காலச் செலவுகளை இன்றைய பெறுமதிக்குச் சுருக்கும் கழிவு வீதத்தை 13% எனக் கொண்டோம். எமது வங்கிக் கடனின் வட்டியோடு, இம்முதலீட்டின் இடருக்கு ஒரு சிறு மேலதிகமும் இதில் அடங்கும். இது பணவீக்கத்தையும் உள்ளடக்கிய வீதம் என்பதால், செலவுகளின் விலையேற்றத்தையும் பணவீக்கத்தோடு சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றைப் பணவீக்கத்துடனும் மற்றதை அது இல்லாமலும் எடுத்தால் எதிர்காலச் செலவுகள் அளவுக்கு மீறிச் சுருங்கி, மலிவான இயந்திரம் வெல்வது போலத் தோன்றும். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5% ஆகையால், எமது 13%, பணவீக்கத்தை நீக்கிய உண்மை வீதத்தில் ஏறத்தாழ 7.6% ஆகும்.

மின்கட்டண உயர்வை ஆண்டுக்கு 6% எனவும், பராமரிப்பும் நீரும் 7% எனவும் கொண்டோம். மின்கட்டணம் நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதை எல்லோரும் அறிவோம்: 2022 ஓகஸ்டில் சராசரியாக 75%, 2023 பெப்ரவரியில் 66% என ஏறிய கட்டணம், 2025 ஜனவரியில் 20% குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15% மீண்டும் ஏறியது. எனவே 6% என்பது முன்கணிப்பு அன்று, நீண்டகாலச் சராசரிக்கான ஓர் எடுகோள் மட்டுமே. பராமரிப்பின் வீதம் சற்று உயர்வாக இருப்பதற்குக் காரணம், உதிரிப்பாகங்கள் டொலரில் வருவதுதான்.

ஒவ்வோர் ஆண்டுச் செலவும் இன்றைய விலையிலிருந்து பின்வருமாறு தற்போதைய பெறுமதிக்கு (PV) மாற்றப்பட்டது. இதில் C இன்றைய விலையில் ஆண்டுச் செலவு, e ஆண்டு விலையேற்றம், d கழிவு வீதம், t ஆண்டு:

```
PV = C × Σ [(1+e)/(1+d)]^t,   t = 1 … 15
e = 6%, d = 13%  →  9.340
e = 7%, d = 13%  →  9.966
```

| தற்போதைய பெறுமதி (மில்லியன் ரூபா) | தெரிவு அ | தெரிவு ஆ |
|---|---|---|
| முதலீடு | 64.00 | 92.00 |
| மின்சாரம் | 292.16 | 190.54 |
| நீர் | – | 21.53 |
| பராமரிப்பு | 21.93 | 35.88 |
| 10ஆம் ஆண்டுப் பெரிய மாற்றீடு | 5.22 | 2.90 |
| எஞ்சிய பெறுமதி | – | −1.47 |
| மொத்தம் | 383.31 | 341.38 |

பராமரிப்பு இன்றைய விலையில் ஆண்டுக்கு 2.2 மில்லியனும் 3.6 மில்லியனும் ஆகும். கோபுரத்தின் இரசாயனச் சிகிச்சையும் குழாய்களைத் தூரிகையிட்டுச் சுத்தம் செய்வதும் பின்னதை உயர்த்துகின்றன. தெரிவு அ-வின் 10ஆம் ஆண்டு மாற்றீடு, உப்புக்காற்றில் அரிக்கும் கண்டென்சர் சுருள்களுக்கானது. பூச்சிட்ட சுருள்களே விலைமனுவில் இருந்தாலும் கடனீரேரிக்கு இவ்வளவு அருகில் அவை 15 ஆண்டு தாங்கும் என்று நாம் நம்பவில்லை. கொம்பிரசர் மறுசீரமைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சேர்க்கப்படவில்லை. தெரிவு ஆ-வின் ஆயுள் நீண்டது என்பதால் மட்டும் அதற்கு விலையின் 10% எஞ்சிய பெறுமதியாகக் கொடுக்கப்பட்டது.

ஆக, 28 மில்லியன் கூடுதலாக முதலிடும் தெரிவு ஆ, 15 ஆண்டில் 41.9 மில்லியன் ரூபா சாதகமாக நிற்கிறது. கழிவு வீதத்தைக் கருதாமல் பார்த்தால் கூடுதல் முதலீடு ஏறத்தாழ 3.8 ஆண்டில் மீளும். கழிவு வீதத்தை 18% ஆக்கினாலும் சாதகம் 24.5 மில்லியனாக எஞ்சுகிறது. மின்கட்டணம் ஆண்டுக்கு 2% மட்டுமே ஏறினால் 19.5 மில்லியன், சிறிதும் ஏறாவிட்டாலும் 10.6 மில்லியன். எனவே சபையில் பெரிதும் விவாதிக்கப்பட்ட வட்டியும் மின்கட்டணமும் முடிவை மாற்றும் காரணிகள் அல்ல.

முடிவை மாற்றக்கூடியது நீர். ஒரு தொன்-மணிக்கு ஆவியாதல் ஏறத்தாழ 6 லீற்றர். எமது நீர் கடினமானது ஆகையால் உப்புச் செறிவை மூன்று மடங்குக்கு மேல் விடமுடியாது. அதற்காக வெளியேற்ற வேண்டியது மேலும் 3 லீற்றர். ஆண்டுக்கு 7,200 கனமீற்றர், நாளொன்றுக்குச் சராசரியாக 20 கனமீற்றர். கிணற்று நீரை இறைத்து மென்மையாக்க ஒரு கனமீற்றருக்கு 300 ரூபா எனக் கொண்டோம். பவுசரில் வாங்கினால் 1,500 ரூபா. அப்போது ஆண்டு நீர்ச்செலவு 10.8 மில்லியனாகி, மின்சாரத்தில் மீதமாகும் 10.88 மில்லியனை ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும், தெரிவு அ 44.2 மில்லியனால் முந்தும். கோடையில் மூன்று மாதம் மட்டும் பவுசரை நம்பினால் தெரிவு ஆ-வின் சாதகம் 20.4 மில்லியனாகக் குறையும். இரண்டும் சமமாகும் இடம், நீரின் சராசரி விலை கனமீற்றருக்கு ஏறத்தாழ 880 ரூபா.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஆதாரம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் ஏறும் நீர்மட்டம் ஓகஸ்ட், செப்ரெம்பரில் மிகத் தாழும். அக்காலத்தில் மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலேறும். அது எமது கிணற்றோடு நிற்காது, அயலவரின் கிணறுகளையும் கெடுக்கும். இச்செலவு மேலுள்ள அட்டவணையில் எந்த வரியிலும் இல்லை. மென்மையாக்கியைச் சரிவரக் கவனிக்காமல் குழாய்களில் சுண்ணப்படிவு ஏறி, சில்லரின் மின்நுகர்வு 10% கூடினால், அதுவும் 15.8 மில்லியனைத் தின்றுவிடும். குளிர்கோபுரத் துளிகளில் லெஜியனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவும் ஆபத்து வைத்தியசாலைக்குக் கூடுதலாகப் பொருந்துவதால், கோபுரத்தைப் புதுக்காற்று உள்வாங்கிகளுக்கு எதிர்ப்பக்கமாக, தென்மேல் காற்றின் போக்கையும் கருதி அமைக்க வேண்டும்.

மறுபக்கத்தில், உச்சச் சுமையில் தெரிவு ஆ ஏறத்தாழ 100 கிலோவாற்று குறைவாக இழுப்பதால் மின்பிறப்பாக்கியைச் சிறிதாக வாங்கலாம். இந்த மிச்சத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே, கொள்வனவுக் கட்டளைக்கு முன்னர் செப்ரெம்பரில் எமது இரு கிணறுகளிலும் ஏழு நாள் தொடர்ந்து, கோடைத் தேவையான நாளொன்றுக்கு 28 கனமீற்றர் வீதம் இறைத்து, நீர்மட்டத்தையும், உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் காலை மாலை பதிவுசெய்ய அனுமதி கோருகிறோம். மின்கடத்துதிறன் ஏறாமலும், ஒவ்வோர் இரவும் நீர்மட்டம் மீண்டும் பழைய நிலைக்கு வந்தும் இருப்பின் தெரிவு ஆ-வை வாங்கலாம். இவற்றுள் ஒன்று தவறினாலும் தெரிவு அ-வையே வாங்க வேண்டும். அவ்விலைமனு நவம்பர் இறுதிவரை செல்லுபடியாகும்.