எட்டு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஓடத் தொடங்கின அரசுப் பேருந்துகள்: ஊதியக் காரணியில் 0.13க்கான வழக்கு நடுவரிடம், அலைக்கழிந்ததற்கான கணக்கு பயணிகளிடம்

சென்னை, 2018 ஜன. 12: ஊதிய உயர்வுக் கோரிக்கையை முன்வைத்து ஜனவரி 4ஆம் தேதி மாலை அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டை ஏற்று நேற்று மாலை திரும்பப் பெறப்பட்டதை அடுத்து, மாநிலம் முழுவதும் பணிமனைகளிலிருந்து இன்று காலை பேருந்துகள் வழக்கம்போல் புறப்பட்டன. பொங்கலுக்கு இரண்டே நாள்கள் இருப்பதால், சொந்த ஊர் செல்லக் காத்திருந்தவர்கள் நிம்மதி அடைந்துள்ளனர்.

ஆனால் கடந்த எட்டு நாள்களின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. சொந்த வாகனம் உள்ளவர்களுக்கு அது சாலை நெரிசலாகவும், மின்சார ரயிலுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அது பெட்டி நிறைந்த கூட்டமாகவும் இருந்தது. பேருந்தை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கோ அது நாள் கூலி இழப்பு. தனியார் பேருந்துகள் ஓடாத சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் நின்றுவிட்டால் எஞ்சுவது ரயிலும் ஷேர் ஆட்டோவும்தான். நகரின் உள்பகுதியிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு அருகில் ரயில் நிலையமும் இல்லை.

அங்கிருந்து மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் 45 வயதுப் பெண் ஒருவர், சாதாரணப் பேருந்தில் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குள் முடியும் பயணத்துக்கு, இரண்டு ஷேர் ஆட்டோக்கள் மாறி ஐந்து மடங்கு செலவிட நேர்ந்ததாகக் கூறினார். மூன்றாம் நாளில் ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்ட அவர், ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பாதித்தால் மிச்சம் என்ன என்று கேட்டார். திருவள்ளூர் அருகே ஒரு கிராமத்திலிருந்து ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு மாதந்தோறும் தாயை அழைத்து வரும் இளைஞர், ரயில் நிலையம் வரைக்குமே வாடகை வண்டி பிடிக்க வேண்டியிருந்ததால் இம்மாதச் சிகிச்சையைத் தள்ளி வைத்திருக்கிறார்.

கோவை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் தனியார் பேருந்துகள் ஓடியதால் நெருக்கடி ஓரளவு தணிந்தது. ஆனால் அவை ஓடியவை வருமானம் உள்ள தடங்களில். நாளொன்றுக்கு நான்கு நடை மட்டும் வந்து போகும் கிராமத்து நகரப் பேருந்துகளின் தடங்களில் எவரும் வண்டி விடவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களின் கையிலிருக்கும் கட்டணமில்லாப் பயண அட்டை தனியார் பேருந்தில் செல்லாது என்பதால், சில கிலோமீட்டர் நடந்தோ, கையை நீட்டி இருசக்கர வாகனங்களை நிறுத்தியோ பள்ளிக்குச் சென்றவர்கள் பலர். பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் வகுப்புக்கே வராமல் நின்றவர்களும் உண்டு.

கனரக வாகன உரிமம் உள்ளவர்களைத் தற்காலிக ஓட்டுநர்களாக அமர்த்தி அரசு ஒரு பகுதிப் பேருந்துகளை இயக்கியது. தடமும் நிறுத்தமும் அறியாதவர்கள் ஓட்டிய அந்தப் பேருந்துகள் பல மாவட்டங்களில் விபத்துக்குள்ளாயின. பேருந்து வந்தும் ஏறத் தயங்கியதாகப் பயணிகள் சிலர் தெரிவித்தனர்.

மாநிலத்தின் எட்டுப் போக்குவரத்துக் கழகங்களிலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். முந்தைய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் 31ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே சென்றது. இடையில் கடந்த ஆண்டு மே மாதத்திலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அரசின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பினர். ஆகவே இந்த வேலைநிறுத்தம் முன்னறிவின்றி வந்ததாகச் சொல்வது பாதி உண்மைதான். ஆயினும் ஜனவரி 4 மாலை பேச்சுவார்த்தை முறிந்த சேதி பரவியதும், பயணிகளோடு சென்றுகொண்டிருந்த பேருந்துகளைக்கூடப் பல இடங்களில் நிறுத்திவிட்டுச் சென்றதைத் தொழிற்சங்கங்களின் நியாயம் எதுவும் மறைத்துவிடாது. அன்றிரவு நடுவழியில் இறங்கியவர்கள், நிர்வாகத்தின் மீதல்ல, கண்ணெதிரே நின்ற நடத்துநர் மீதே கோபப்பட்டனர்.

தொமுச, சிஐடியு, ஏஐடியுசி உள்ளிட்ட சங்கங்கள் கேட்டது, பழைய அடிப்படை ஊதியத்தைப் பெருக்கிப் புதிய ஊதியத்தைக் கணக்கிட 2.57 என்ற பெருக்கல் காரணி. அரசு தர முன்வந்தது 2.44. கடந்த அக்டோபரில் அரசு ஊழியர்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையில் 2.57 வழங்கப்பட்ட நிலையில், தங்களுக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும் என்பது சங்கங்களின் வாதம். 10,000 ரூபாயை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால், ஒன்று 25,700 ரூபாய், மற்றொன்று 24,400 ரூபாய். அதாவது மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம். இது வீட்டு வாடகையில் ஒரு பங்கு என்கிறார் பணிமனை ஒன்றின் வாயிலில் நின்றிருந்த ஓட்டுநர்.

ஊதியத்தைவிட ஆழமான மனக்குறை வேறொன்று. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுத் தவணை, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை ஆகியவற்றை உரிய இடத்தில் செலுத்தாமல் நிர்வாகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன என்பதும், ஓய்வுபெற்றவர்களுக்குப் பணிக்கொடை முதலான தொகைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் உள்ளன என்பதும் சங்கங்களின் குற்றச்சாட்டு. பணிக்கொடையை நம்பி மகளின் திருமணத்துக்குக் கடன் வாங்கிய ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர், இப்போது வட்டி கட்டவே ஓய்வூதியம் போதவில்லை என்றார்.

போக்குவரத்துத் துறை அமைச்சர் எம்.ஆர். விஜயபாஸ்கரின் பதில் தொடக்கம் முதல் மாறவில்லை: கழகங்கள் கடும் நட்டத்தில் உள்ளன, 2.44க்கு மேல் தர நிதிநிலை இடம் தராது, அண்ணா தொழிற்சங்கப் பேரவை உள்ளிட்ட சங்கங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. நட்டம் உண்மை. 2011 நவம்பருக்குப் பிறகு பேருந்துக் கட்டணம் உயர்த்தப்படவில்லை. டீசல் விலையோ இப்போது லிட்டருக்கு 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால் மாணவர்களுக்கான இலவசப் பயணமும் வருமானமில்லாக் கிராமத் தடங்களும் அரசின் கொள்கை முடிவுகள் எனும்போது, அவற்றால் வரும் பற்றாக்குறையைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஈடுகட்டலாமா என்ற கேள்விக்கு அரசிடமிருந்து நேரடியான விடை வரவில்லை. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த 10ஆம் தேதியே சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தும் மசோதா பேரவையில் கொண்டுவரப்பட்டது, நிதிநிலை பற்றிய அரசின் பேச்சுக்கு வலுச் சேர்க்கவில்லை.

பணிக்குத் திரும்பாவிட்டால் பணிநீக்கம் உள்ளிட்ட நடவடிக்கையைச் சந்திக்க நேரிடும் என்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான அமர்வு 5ஆம் தேதி எச்சரித்த பின்னரும் தொழிலாளர்கள் திரும்பவில்லை. இறுதியில், 2.44ஐ இப்போதைக்குப் பெற்றுக்கொள்வது, எஞ்சிய 0.13 குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் நடுவராக இருந்து முடிவு செய்வது என்ற ஏற்பாட்டுக்குச் சங்கங்கள் உடன்பட்டன. ஓய்வுபெற்றோரின் நிலுவைக்காக 750 கோடி ரூபாய் பொங்கலுக்கு முன் வழங்கப்படும் என முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி அறிவித்துள்ளார்.

மாநகரப் பேருந்துகளில் விருப்பம்போல் பயணிக்க 1,000 ரூபாய் கட்டி மாதாந்திர அட்டை வாங்கியவர்கள், பயன்படாமல் போன நாள்களுக்கு ஈடு கேட்கின்றனர். நட்டத்தைக் காரணமாகச் சொல்லும் அரசு அடுத்துக் கட்டணத்தை உயர்த்துமோ என்ற பேச்சும் இன்று காலை தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் காதில் விழுந்தது.