விளக்கம் கோரும் அறிவிப்பு (திருத்தியது)

ஏற்காடு
18.02.2025

காப்பித் தோட்டக் கிடங்கு எழுத்தர் அவர்களுக்கு,

13.02.2025 அன்று தங்களுக்கு அளித்த அறிவிப்பில் “மூட்டைகளைக் கடத்தியவர்”, “எப்போதும் அலட்சியம்” என எழுதியதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அவ்வாறு எழுதியிருக்கக் கூடாது. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அதற்கு மாற்றாக இதை வழங்குகிறோம்.

11.02.2025 காலை 9.30 மணிக்குத் தோட்ட மேலாளர் தங்கள் முன்னிலையில் எண்ணியபோது, இருப்புப் பதிவேட்டின் 47ஆம் பக்கத்தில் 50 கிலோ மூட்டைகள் 62 எனத் தங்கள் கையெழுத்தில் இருக்க, கிடங்கில் 58 மட்டுமே இருந்தன. முந்தைய நாள் சேலத்துக்குச் சென்ற லாரியின் அனுப்புச் சீட்டில் 40 என்ற எண் 44 எனத் திருத்தப்பட்டுள்ளது. அருகே சுருக்கொப்பம் இல்லை. உண்மையில் 44 மூட்டைகள் சென்றிருந்தால், இந்தக் குறைவு வெறும் பதிவுப் பிழையாகவும் இருக்கலாம்.

ஆகவே, இருப்பைச் சரியாகப் பதியாதது, திருத்தத்தில் ஒப்பமிடாதது ஆகிய இரண்டுக்கு மட்டும், தங்கள் மீது நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கான எழுத்துப்பூர்வ விளக்கத்தை 25.02.2025 மாலை 5 மணிக்குள் அளிக்கவும். இரு ஆவணங்களின் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன; மூலங்களை அலுவலக நேரத்தில் பார்வையிடலாம். தங்கள் விளக்கத்தைப் பரிசீலிக்கும் வரை எந்த முடிவும் எடுக்கப்பட மாட்டாது.

நிர்வாகப் பங்குதாரர்