வெப்பக் கடத்தல்: சுடுநீரில் மூன்று கரண்டிகள்
ஏழாம் வகுப்பு அறிவியல், செயல்வழிப் பாடம்

சூடான குழம்பில் கிடக்கும் உலோகக் கரண்டியின் கைப்பிடி, குழம்பைத் தொடாமலேயே சூடேறிவிடுகிறது. குழம்பு கைப்பிடிக்கு ஏறிச் செல்லவில்லை. கரண்டியின் உலோகமும் இடம்பெயரவில்லை. ஆனாலும் வெப்பம் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு திடப்பொருளில் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு, அப்பொருளின் துகள்கள் தம் இடத்தை விட்டுச் செல்லாமலேயே வெப்பம் பரவுவதை வெப்பக் கடத்தல் என்கிறோம். இன்று அதை வெண்ணெயின் துணைகொண்டு கண்ணால் பார்க்கப் போகிறோம்.

ஒவ்வொரு குழுவின் மேசையிலும் ஓர் உயரமான குவளை, மூன்று துளைகள் இட்ட அட்டை மூடி, ஏறத்தாழ ஒரே நீளமும் தடிமனும் கொண்ட மூன்று கரண்டிகள், ஒரே அளவான மூன்று பாசிமணிகள், சிறிதளவு வெண்ணெய், ஒரு வெப்பமானி, ஒரு நிறுத்துக் கடிகாரம் ஆகியவை உள்ளன. கரண்டிகளில் ஒன்று அலுமினியத்தால் ஆனது, இன்னொன்று எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருவேறா எஃகு, மூன்றாவது பிளாஸ்டிக். ஒவ்வொரு கைப்பிடியின் மேல் முனையிலும் மிளகு அளவு வெண்ணெயை வைத்து, அதன்மேல் ஒரு மணியை மெல்ல அழுத்தி ஒட்டுங்கள். மூன்று கரண்டிகளிலும் வெண்ணெயின் அளவும், கரண்டியின் அடியிலிருந்து மணி இருக்கும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மணி விழும் நேரத்தில் காணும் வேறுபாடு பொருளால் வந்ததா, அளவால் வந்ததா என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது.

கரண்டிகளை மூடியின் துளைகளில் செருகிய பிறகு, நீர் ஊற்றும் முன்பாகவே, எந்த மணி முதலில் விழும், எது கடைசியில் விழும் என்ற உங்கள் கணிப்பைக் காரணத்துடன் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பார்த்தபின் எழுதுவது கணிப்பு ஆகாது. பின்னர் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள நீரை ஆசிரியர் மட்டுமே குவளையில் ஊற்றுவார். இந்த நீர் தோலைச் சுடும் என்பதால், குவளையை நகர்த்தவோ அதன்மேல் குனிந்து பார்க்கவோ கூடாது. மூடி இங்கே மிகவும் முக்கியமானது. அது இல்லாவிட்டால் மேலெழும் நீராவி வெண்ணெயை நேரடியாகவே உருக்கிவிடும். பிளாஸ்டிக் கரண்டியின் மணியும் விழுந்து, பிளாஸ்டிக்கும் வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது என்ற தவறான முடிவுக்கு நம்மை இட்டுச் செல்லும்.

இப்போது அலுமினியக் கரண்டியைக் கூர்ந்து பாருங்கள். வெண்ணெய் மேலிருந்து உருகுவதில்லை. உலோகத்தைத் தொட்டிருக்கும் அதன் விளிம்பில்தான் முதலில் ஒரு மினுமினுப்பு தோன்றுகிறது. அது மெல்லிய மஞ்சள் கோடாகி, ஒளி ஊடுருவும் திரவமாகிறது. மேற்புறம் இன்னும் கெட்டியாக இருக்கும்போதே மணி சற்றே சாய்ந்து, வழுக்கி, விழுகிறது. வெப்பம் காற்றின் வழியாக அல்லாமல் கைப்பிடியின் வழியாகவே வந்தது என்பதற்கு அடியிலிருந்து தொடங்கும் இந்த உருகலே நல்ல சான்று. எஃகுக் கரண்டியில் இதே மாற்றம் மிகவும் தாமதமாக நிகழும். பிளாஸ்டிக் கரண்டியில், நீர் ஆறத் தொடங்கிய பிறகும் வெண்ணெய் வைத்தபடியே இருக்கும்.

நிகழ்ந்தது இதுதான். சுடுநீரின் மூலக்கூறுகள் வேகமாக இயங்கி, கரண்டியின் அடிப்பகுதியில் உள்ள அணுக்களின் மீது மோதுகின்றன. அந்த அணுக்கள் தம் இடத்தில் இருந்தபடியே முன்னைவிட வலுவாக அதிர்ந்து, அடுத்துள்ள அணுக்களையும் அதிரச் செய்கின்றன. எல்லாத் திடப்பொருள்களிலும் வெப்பம் இப்படிக் கைமாறுகிறது. உலோகங்களில் இதற்கு மேலும் ஒரு வழி உண்டு: எந்த ஓர் அணுவோடும் கட்டுண்டிராத கட்டற்ற எலக்ட்ரான்கள், ஆற்றலைப் பெற்றுக்கொண்டு உலோகம் முழுவதும் விரைந்து கடத்துகின்றன. பிளாஸ்டிக்கில் அத்தகைய எலக்ட்ரான்கள் இல்லை. நீண்டு பின்னிக் கிடக்கும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே அதிர்வும் எளிதில் பரவுவதில்லை. ஆகவே உலோகங்களை நற்கடத்திகள் என்றும், பிளாஸ்டிக், மரம், காற்று போன்றவற்றை அரிதிற்கடத்திகள் என்றும் அழைக்கிறோம்.

உலோகம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு உலோகக் கரண்டிகளை வைத்தோம். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதை வெப்பக் கடத்துத்திறன் என்ற அளவால் குறிப்பிடுகிறோம். வாட்/மீட்டர் கெல்வின் என்ற அலகில் தூய செம்புக்கு அது ஏறத்தாழ 400, தூய அலுமினியத்துக்கு 237, துருவேறா எஃகுக்கு சுமார் 15, பல பிளாஸ்டிக்குகளுக்கு 0.2 அளவில்தான். எஃகில் இரும்போடு கலந்துள்ள குரோமியம், நிக்கல் போன்ற வேற்று அணுக்கள் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைச் சிதறடிப்பதால், அது உலோகமாக இருந்தும் கடத்துவதில் பின்தங்கிவிடுகிறது. உலோகத் தண்டுகளுக்கு மெழுகு பூசி, சூடான திரவத்தில் நிறுத்தி, எதில் மெழுகு அதிக உயரம் வரை உருகுகிறது என்று பார்த்து உலோகங்களை ஒப்பிட்டவர், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் இங்கன்ஹவுஸ் என்ற அறிவியலாளர். இன்று நீங்கள் செய்தது அவருடைய சோதனையின் எளிய வடிவம்.

அவரைப் போல நாமும் மெழுகையே பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். மெழுகுவர்த்தி மெழுகோ வகைக்கேற்ப 46 முதல் 68 டிகிரி வரை சூடேறினால்தான் உருகும். கைப்பிடியில் ஏறும் வெப்பத்தின் ஒரு பகுதி வழியெங்கும் சுற்றியுள்ள காற்றுக்குப் போய்விடுவதால், மேல் முனை ஒருபோதும் நீரின் வெப்பநிலையை எட்டுவதில்லை. எஃகுக் கரண்டியில் இந்த இழப்பின் விளைவு பெரிது. அதன் முனையில் வைத்த மெழுகு எவ்வளவு காத்திருந்தாலும் உருகாமலே போகலாம். அலுமினியத்தையும் செம்பையும் ஒப்பிட மெழுகு பொருத்தமானது. எஃகு இடம்பெறும் சோதனைக்கு வெண்ணெயே தகும். அறை வெப்பமாக இருந்தால் மட்டும், தொடங்கும்வரை வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

இனி, பயன்படுத்தாத ஓர் உலோகக் கரண்டியையும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியையும் இரு கைகளில் பிடித்துப் பாருங்கள். உலோகம் சில்லென்று இருக்கும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் அறையின் வெப்பநிலையிலேயே இருப்பது தெரியும். உடலைவிடக் குளிர்ந்த உலோகம், விரலின் வெப்பத்தை விரைவாகக் கடத்திக்கொண்டு போகிறது. தோல் உணர்வது அந்த இழப்பின் வேகத்தையே. வெப்பநிலை வேறு, வெப்பம் பாயும் வேகம் வேறு என்ற இந்த வேறுபாட்டை இன்றைய பாடத்தின் மையமாகக் கருதுகிறேன்; மணி விழும் வரிசையை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குறிப்பேட்டில் உங்கள் கணிப்புக்கு அருகிலேயே ஒவ்வொரு மணியும் விழுந்த நேரத்தை எழுதுங்கள்; பத்து நிமிடத்திற்குள் விழாத மணிக்கு ‘விழவில்லை’ என்றே எழுதுங்கள், ஏனெனில் அதுவும் ஒரு முடிவுதான். பிறகு இவ்விரு வினாக்களுக்கும் விடை எழுதி வாருங்கள். எஃகுப் பாத்திரங்கள் சிலவற்றின் அடியில் செம்புத் தகடு பொருத்துவது எதற்காக? அறை வெப்பநிலையில் உள்ள ஓர் அலுமினியத் தட்டிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டிலும் ஒரே அளவான பனிக்கட்டியை வைத்தால், தொடும்போது சில்லென்று இருக்கும் அலுமினியத் தட்டில் அது மெதுவாக உருகுமா, விரைவாக உருகுமா? காரணத்தை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு வீட்டில் செய்து பாருங்கள்.